எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் தெருவுக்கும் நன்றி

அன்புள்ள அக்காவுக்கு,

என் வீட்டுக்காரர் இப்போது எழுந்து வாசல் வரை நடக்கிறார். சாமான்களைக் கட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மகனிடம் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறோம். நடந்ததெல்லாம் பாம்பனில் எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் எழுதுகிறேன். ஊரறியச் சொல்ல வேண்டிய நன்றி என்பதால், தெருவில் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

ராத்திரியில் பாலம் தாண்டி ராமநாதபுரம் கொண்டுபோன ஆட்டோத் தம்பி, ரத்தம் கொடுத்த பையன்கள், பணம் திரட்டிக் கொடுத்த படகுக்காரர்கள், கோயிலிலும் மாதா கோயிலிலும் பள்ளிவாசலிலும் வேண்டிக்கொண்டவர்கள், நேரில் வந்தும் போனிலும் ஆறுதல் சொன்னவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். நன்றி அறிவிப்பு நோட்டீஸில் அச்சடிக்கிற வரிதான் இது. பலரை ஒருசேர நிறுத்திக் கும்பிட இதைவிடப் பொருத்தமான வரி எனக்குத் தெரியவில்லை. யாரும் அதில் விட்டுப்போக மாட்டார்கள்.

உங்களுக்கு மட்டும் அந்த வரியை எழுத மனம் வரவில்லை அக்கா.

நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் வந்தபோதெல்லாம் எங்கள் குடங்களையும் வரிசையில் வைத்துப் பிடித்து, திண்ணையில் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். யாரும் உங்களிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணறு உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டால் வண்டித் தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டும். வீட்டில் அத்தை மட்டும்தான், அவரால் குடம் தூக்க முடியாது. நான் மாற்றுத் துணி எடுக்க வந்த அன்று திண்ணையைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எங்கள் ஒழுகுகிற குடத்தை ஒதுக்கிவிட்டு உங்கள் பச்சைக் குடத்தை அந்த இடத்தில் வைத்திருந்தீர்கள்.

அன்றைக்கு "ரொம்ப நன்றிக்கா" என்றேன். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. "என்னடி புதுசா நன்றியெல்லாம்? நான் என்ன வேத்தாளா?" என்றீர்கள். கறிவேப்பிலை வாங்கும்போது நான் சொல்கிற "தேங்க்ஸ்க்கா" உங்களுக்கு உறுத்தியதே இல்லை. அது வாயோடு வந்து வாயோடு போவது. நன்றி என்று நிறுத்திச் சொன்னால்தான் நம் பக்கத்தில் நடுவே ஒரு சுவர் வந்துவிடுகிறது.

அத்தைக்கு அந்தச் சிக்கல் இல்லை. "நீ நல்லா இருப்ப தாயி, உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கும்" என்று உங்கள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டார். பேச்சில் அதைவிடப் பெரிய நன்றி இந்தக் கரையில் இல்லை. ஆனால் அது பெரியவர்கள் சிறியவர்களுக்குத் தருவது. உங்களைவிட இளையவள் நான், "இருப்பீங்க" என்று வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. "நீங்க நல்லா இருக்கணும்" என்று சாமியிடம் கேட்கத்தான் முடியும். கேட்கிறேன் அக்கா, தினமும்.

இந்தக் கடிதத்துக்காகப் பெரிய வார்த்தைகளையும் எழுதிப் பார்த்தேன். "என் நன்றி உரித்தாகுக" என்று எழுதினால் ஆண்டுவிழா மேடையில் நன்றியுரை வாசிக்கிற மாதிரி இருக்கிறது. "மனமார்ந்த நன்றி" நல்ல வார்த்தைதான், ஆனால் மொய் வைத்தவருக்கும் அதைத்தான் எழுதுகிறோம். "என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்" என்று எழுதினால், திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்க வழி தேடுகிற மாதிரி தோன்றுகிறது. கடைசியில் "உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்" என்பதில் நின்றேன். தெரிவித்துக்கொள்கிறேன் என்றால் சொன்னதோடு வேலை முடிந்துவிடும். பட்டிருக்கிறேன் என்றால் நாளைக்கும் அது இருக்கும், ஊர் மாறினாலும் இருக்கும். கடன் என்றாலே மனம் பதறுகிற வீடுதான் எங்களுடையது. ஆனாலும் இந்தக் கடனைச் சந்தோஷமாகச் சுமப்பேன்.

பச்சைக் குடத்தைச் சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். வெறுங்குடமாகத் தர மாட்டேன், குடம் நிறைய நல்ல தண்ணீரும் மேலே தட்டில் கருப்பட்டியும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போகிற ஊரிலும் குழாயடி இருக்கும், தூக்க முடியாத ஒருவர் அங்கேயும் இருப்பார். அவர் கேட்பதற்கு முன்னால் அவருடைய குடத்தையும் என் குடத்தோடு வரிசையில் வைப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

வண்டி ஏறும்போது நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போயிட்டு வர்றேன்க்கா என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
உங்கள் எதிர்வீட்டுத் தங்கச்சி