லொறிக்கு முன்னால் அரை மணித்தியாலம்

கொழும்பு மாநகர சபையின் திண்மக் கழிவு முகாமைத்துவப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஓர் ஒழுங்கையில், பதினாறு வீடுகள் கொண்ட தொடர்மாடியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் போத்தல், பேப்பர் சேர்க்க ஓர் அக்கா தள்ளுவண்டியோடு வருவார். அவரைப் போன்றவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழு அவரை உள்ளே விடக்கூடாது என்று முடிவெடுத்தது. உறைகளைக் கிழித்துக் குப்பையைச் சிதறவிடுகிறார் என்பதுதான் முறைப்பாடு. கிழித்தது உண்மை. ஆனால் மீன் கழுவிய தண்ணீரையும் கார்ட்போட் பெட்டியையும் ஒரே உறையில் போட்டு இறுக்கி முடிந்து வைத்தவர்கள் நாங்கள். லொறி வருவதற்குள் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அவர் வேறென்ன செய்வார்?

லொறி வந்த பிறகு எதுவும் மீளாது. பின்பக்கத்துத் தகடு எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும்போது குசினிக் கழிவின் தண்ணீர் கார்ட்போட்டுக்குள் இறங்கிவிடும். “நனைஞ்சா கடையில எடை கழிப்பாங்க தம்பி, நாறினா எடுக்கவே மாட்டாங்க” என்றார் அக்கா. வாசலில் காசாக இருந்த பெட்டி, ஒழுங்கை முனையில் குப்பையாகிவிடுகிறது.

பிறகு குழுவோடு பேசி, காய்ந்த சாமான்களைக் கீழ்த்தளத்தில் தனியே வைக்கத் தொடங்கினோம். முதல் கிழமை அவர் கொக்கித் தராசில் நிறுத்தபோது பக்கத்தில் நின்றேன். கார்ட்போட்டும் பேப்பரும் 14 கிலோ. பெட் போத்தல் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு கிலோதானா என்று தோன்றும். அரை லீற்றர் வெற்றுப் போத்தல் ஒன்று இருபது கிராம்கூட வராது. ஒரு கிலோவுக்கு ஐம்பதுக்கு மேல் வேண்டும். மிதிக்காமல் போட்டால் ஒரு சாக்கே நிறைந்துவிடும். அவர் ஒவ்வொன்றாக மூடியைக் கழற்றி, மிதித்து, நிறமில்லாததையும் பச்சையையும் பிரித்தார். மூடி வேறு பிளாஸ்டிக். தண்ணீரில் மிதக்கும், போத்தல் துண்டு மூழ்கும். மூடியோடு மிதித்தால் உள்ளே காற்று அடைபட்டு மறுபடி உப்பிக்கொள்ளும். இதை யாரும் அவருக்கு வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை.

அந்த இரண்டு கிலோவை எந்தத் தொழிற்சாலையும் நேரே வாங்காது. அவர்களுக்கு லொறிக் கணக்கில் வேண்டும். அக்கா விற்பது சிறிய பழைய சாமான் கடைக்கு. அந்தக் கடை பெரிய வியாபாரிக்கு. அவர் கட்டுக்கட்டாக அழுத்தித் தொழிற்சாலைக்கு. இந்தச் சங்கிலியில் இரண்டு கிலோவுக்காக ஓர் ஒழுங்கைக்குள் வரக்கூடியவர் அக்கா ஒருவர்தான். சபை அதற்கென்று ஒரு லொறி அனுப்பினால் டீசல் காசுக்கே கட்டாது.

ஆனால் சங்கிலி தானாக எல்லாவற்றையும் தூக்கிவிடாது. பிஸ்கட் உறை, லன்ச் சீட் எதையும் அவர் தொடுவதில்லை, வாங்க ஆளில்லை. விலை விழுந்தால் கண்ணாடிப் போத்தலையும் விட்டுவிட்டுப் போவார். விற்கும் காசை மட்டும் நம்பியிருக்கும் ஒருவரிடம் ஒழுங்கான சேகரிப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்தியாவின் புனே நகரில் 2008 முதல் கழிவு சேகரிப்போரின் ‘ஸ்வச்’ கூட்டுறவோடு மாநகராட்சி ஒப்பந்தம் செய்து வேலை நடக்கிறது. வீட்டுக்கு வீடு எடுக்கிறார்கள். வீடுகள் மாதாந்தம் ஒரு கட்டணம் கொடுக்கின்றன. விற்கக்கூடியது அவர்களுக்கு, மிச்சம் மாநகராட்சி வண்டிக்கு. விலையில்லாத குப்பையும் வாசலில் தேங்காமல் போவதற்கு அந்தக் கட்டணம்தான் காரணம்.

கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும்போது, எரியக்கூடியதை இவர்கள் எடுத்துவிட்டால் எப்படி என்று கேட்கலாம். அங்கே நெருப்பின் சூட்டைத் தின்பது குசினிக் கழிவின் ஈரம். அதைப் பிரித்து உரமாக்குவதுதான் வழி. நல்ல கார்ட்போட்டை மீன் தண்ணீரில் ஊறவைத்து எரிப்பதில் யாருக்கும் இலாபமில்லை.

நான் கேட்பது இதுதான். காய்ந்த கழிவு எடுக்கும் நாளில் லொறிக்கு அரை மணித்தியாலம் முன்பு இவர்கள் வருவதை உங்கள் நேர அட்டவணையிலேயே எழுதுங்கள். காவலாளிகளும் பொலிஸாரும் விரட்டாதபடி சபையின் அடையாள அட்டை கொடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு கூரை போட்ட இடமும் தராசும் வேண்டும். மழையில் நனையாமல் இரண்டு நாள் சேர்த்து வைத்தால், முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டிருக்கும் ஒரே கடையை விட்டு வேறு கடையிலும் விலை கேட்கலாம். விற்க முடியாததையும் எடுத்தால் அதற்குக் கூலி கொடுங்கள்.

எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று மாதம் செய்து பாருங்கள். லொறி நிறுக்கும் இடத்தில் முன்பும் பின்பும் உள்ள எடையை எடுங்கள். அக்காவின் தராசில் வருவதை நான் கிழமைக்குக் கிழமை எழுதித் தருகிறேன். முதல் ஆறு கிழமைக் கணக்குக் கொப்பி இப்போதே என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வெள்ளவத்தைவாசி ஒருவர்