செல்வாவுக்கு, அந்தச் சனிக்கிழமையைப் பற்றி

அன்புள்ள செல்வா,

நேற்று பெங்களூர் பீன்யா வேலையை விட்டுவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், போன மாசம் முழுக்க அதைத்தானே பேசினோம். இந்த ஜூலையோடு எட்டு வருஷம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் கதையை நீ எப்போதும் நாலு பேர் முன்னால்தான் சொல்வாய். என் தங்கை கல்யாணப் பந்தியில் சொன்னாய், உன் பையன் காதுகுத்தில் சொன்னாய். அதனால் அதில் இருக்கும் பொய்யையும் அந்த நாலு பேர் படிக்கிற இடத்திலேயே எடுத்துவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

நீ சொல்கிற கதையில் நான் அப்பாவி. பெயர் ஒன்று, இன்ஷியல் ஒன்று, என் அப்பா முத்து, உன் அப்பா மாணிக்கம், கம்பெனிக்காரன் உன் இமெயிலை எனக்கு அனுப்பிவிட்டான், நான் பாவம் எனக்குத்தான் என்று நினைத்து இன்டர்வியூவுக்குப் போய்விட்டேன், அங்கே உன் போட்டோவைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன்.

எனக்குச் சனிக்கிழமையே தெரியும்.

2017 ஜூலை 15. ஸ்ரீராம்புரம் மாடி ரூமில் உட்கார்ந்திருந்தேன். லேத் பட்டறை மூடி நாலு மாசம் ஆகியிருந்தது. சாயங்காலம் மெயில் வந்தது, திங்கள் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. மூன்று தடவை படித்தேன். "உங்கள் டிப்ளமோ, நான்கு வருட வி.எம்.சி. புரோகிராமிங் அனுபவம்" என்று இருந்தது. நான் ஐ.டி.ஐ. டர்னர். வி.எம்.சி. என்கிற கம்ப்யூட்டர் மெஷினைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததோடு சரி. அப்புறம் மேலே To என்ற இடத்தைப் பார்த்தேன். இன்ஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு புள்ளி. என் முகவரியில் நான் ஒருநாளும் புள்ளி வைத்ததில்லை.

உன்னுடையதில் புள்ளி உண்டு, கடைசியில் 92 உண்டு. நீ கம்பெனி கேட்டில் கொடுத்த படிவத்தில் கையால் எழுதியதை யாரோ பார்த்து அடிக்கும்போது 92-ஐ விட்டுவிட்டார்கள். ஜிமெயில் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நம் மொழியில் ஒரு புள்ளி வைத்தால் எழுத்தே வேறாகிவிடும், அங்கே புள்ளி வைத்தாலும் ஒன்றுதான் வைக்காவிட்டாலும் ஒன்றுதான், நேராக என் பெட்டிக்குத்தான் வரும். அப்படி ஒரு முகவரியே இல்லாமல் இருந்திருந்தால் மெயில் கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போயிருக்கும், அவர்கள் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டிருப்பார்கள். முகவரி இருந்தது, ஆள் இருந்தான், அதனால் சத்தமே இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது.

இதுவரைக்கும் நான் செய்த தப்பு ஒன்றும் இல்லை. செய்தது இனிமேல்தான்.

மெயிலின் அடியில் ஒரு வரி இருந்தது. வருவதை உறுதி செய்து பதில் அனுப்பவும், பதில் வராதவர்களைப் போனில் தொடர்புகொள்வோம். இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. நான் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும், செல்வா. ஞாயிறோ திங்கள் காலையோ உன் போன் அடித்திருக்கும். நான் பதில் போட்டேன். "வருகிறேன் சார்." கீழே என் பெயர். அது உன் பெயரும்தான், அதனால் பொய் எழுதவில்லை என்று அன்றைக்கு ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாடகை பாக்கி, ஊரில் அம்மாவுக்கு மருந்து, இதெல்லாம் காரணம்தான், ஆனால் பதில் அனுப்பிய அந்த நிமிஷத்தில் இது எதுவும் என் மனசில் இல்லை. யாரோ ஒருத்தர் என்னை வரச்சொல்லி எழுதியிருக்கிறார் என்பது மட்டும்தான் இருந்தது. நாலு மாசத்தில் அப்படி வந்த முதல் கடிதம் அது.

திங்கட்கிழமை ஆடி பிறந்துவிட்டது, புதுசாக எதுவும் தொடங்காதே என்று அம்மா போனில் சொன்னாள். மெட்ரோ ஏறி பீன்யா இண்டஸ்ட்ரியில் இறங்கினேன். கேட்டில் உன் பெயருக்கு நேரே என் கையெழுத்தைப் போட்டேன். உள்ளே மேனேஜர் ஃபைலைப் பிரித்தார், உன் போட்டோ. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். "இது நான் இல்லை சார்" என்றேன். அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன், அதையாவது நம்பு. உனக்கு என்னதான் தெரியும் என்றார். லேத் தெரியும் என்றேன்.

ஷாப்புக்குக் கூட்டிப்போய் ஒரு டிராயிங்கைக் கொடுத்தார். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட், h7. 25-க்கு மேல் ஒரு மைக்ரான்கூடக் கூடாது, கீழே 21 மைக்ரான் வரை போகலாம். கடைசி வெட்டுக்கு முன் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். ஏன் நிற்கிறாய் என்றார். ஜாப் சூடாக இருக்கிறது சார், இப்போது அளந்தால் ஏழெட்டு மைக்ரான் கூடக் காட்டும், அதை நம்பி வெட்டினால் ஆறினதும் சின்னதாகிவிடும் என்றேன். அந்தப் பதிலுக்குத்தான் ஆபரேட்டர் வேலை கொடுத்தார். உன் வேலையை நான் எடுக்கவில்லை, நீ கேட்டது புரோகிராமர் வேலை. ஆனால் அந்த இடம் அன்றைக்கு வந்த இன்னொருத்தருக்குப் போனது. நீ வராததால் போனது. ஃபைலில் இருந்த உன் நம்பரைத் தலைகீழாகவே படித்து மனசில் வைத்திருந்தேன். வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உனக்குப் போன் பண்ணவில்லை. வேலை உறுதியாகட்டும் என்று காத்திருந்தேன்.

"யாருங்க?" என்று கேட்டாய். "நானும் செல்வகுமார்தாங்க" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் எனக்கு மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்தாய், பரோட்டாவுக்குக் காசையும் நீயே கொடுத்தாய்.

சரி, உன் மேலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. முகவரியை மாற்று, மாற்று என்று எத்தனை தடவை சொன்னேன்? எட்டு வருஷமாக உன் கேஸ் பில், பேங்க் கடிதம், பள்ளிக்கூட ஃபீஸ் ரசீது எல்லாம் 92 உதிர்ந்து என்னிடம்தான் வருகிறது. ஒவ்வொன்றையும் உனக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறேன். படித்தாயா என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. படித்தேன். 2020-இல் வந்த அந்த ஒன்றைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், தேன்மொழியும் இதைப் படிப்பாள். அன்றைக்கு ராத்திரி ஒன்றுமே தெரியாதவன் மாதிரி ஓசூருக்கு வந்து உன் வீட்டு வாசலில் நின்றேனே, அது தற்செயல் இல்லை. நீயும் கேட்கவில்லை. தோசை ஊற்றச் சொன்னாய். உன் கஷ்டத்தைக்கூட எனக்கு ஒரு மெயில்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதில் இன்னும் எனக்கு வருத்தம்.

நீ மன்னிப்பாய், எனக்குத் தெரியும், உடனே மன்னித்துவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். கொஞ்ச நாள் கோபமாக இரு. ஓசூரில் ஷெட் எடுப்பதைப் பற்றி அப்புறம் பேசுவோம், இல்லை பேச வேண்டாம் என்றாலும் சரி.

அந்த "வருகிறேன் சார்" இன்னும் என் Sent-இல் கிடக்கிறது, சனிக்கிழமை தேதியோடு. இதைப் போட்டதும் அதை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். 92-ஐச் சேர்த்துத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
செல்வா