சராசரி 71 என்று ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு பிள்ளைகள்: தலைமையாசிரியர்களுக்கும் பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தி முடித்ததும் நம் பள்ளிகளில் இரண்டு பட்டியல்கள் தயாராகின்றன. ஒன்று சென்டம் எடுக்க வாய்ப்புள்ளவர்கள், இன்னொன்று மெல்லக் கற்போர். மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, தனிக் கவனம் எல்லாம் இந்த இரண்டு பட்டியல்களை வைத்தே பிரிக்கப்படுகின்றன. பட்டியலை அரையாண்டு மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் போடுகிறோம், அல்லது அதுவரை நடந்த தேர்வுகளின் சராசரியை வைத்துப் போடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அந்த முறையில் ஒரு வகைப் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் வராமல் விழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் கணித வகுப்பில் 40 பேர். முதல் இடைப்பருவம், காலாண்டு, இரண்டாம் இடைப்பருவம், அரையாண்டு என்று நான்கு தேர்வுகள் முடிந்திருந்தன. இடைப்பருவத் தேர்வு எங்கள் பள்ளியில் 50 மதிப்பெண்ணுக்கு, ஒன்றரை மணி நேரம் நடக்கும். அதை நூற்றுக்கு மாற்றி எழுதிக்கொண்டேன். ஒரு மாணவன் 70, 74, 72, 68 எடுத்திருந்தான். ஒரு மாணவி 88, 56, 86, 54 எடுத்திருந்தாள். கூட்டிப் பாருங்கள், இருவருக்குமே 284 வரும். சராசரி 71. பதிவேட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்து ரேங்கில் இருந்தார்கள், இருவருக்கும் சராசரி மாணவர் என்றே பெயர். இந்த இருவருக்கும் ஒரே உதவி போதும் என்று எந்த ஆசிரியராவது சொல்ல முடியுமா?

மதிப்பெண்ணை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே தெரியுமே என்று கேட்கலாம். இரண்டு பேர் என்றால் தெரியும். 40 பேர், நான்கு தேர்வு என்றால் 160 எண்கள். அதோடு ஒவ்வொரு தாளின் கடினமும் வேறு. வினாத்தாள் கடினமாக வந்தால் வகுப்பே 12 மதிப்பெண் இறங்கும், அதில் ஒரு பிள்ளை இறங்கியது அவளுடைய சறுக்கலா, தாளின் குற்றமா என்று மதிப்பெண் சொல்லாது. அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு தேர்விலும் அந்தப் பிள்ளை வகுப்பின் எந்தக் கால் பகுதியில் இருந்தாள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். முதல் 10 பேருக்கு 1, அடுத்த 10 பேருக்கு 2, பிறகு 3, கடைசி 10 பேருக்கு 4. (புள்ளியியலில் முதல் கால்மானம் என்பது கீழிருந்து எண்ணப்படுவது. நான் ரேங்க் போல மேலிருந்து எண்ணுகிறேன். இதைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு ஆசிரியர் தலைகீழாகப் படித்துவிடுவார்.)

எக்செலில் மதிப்பெண் C நெடுவரிசையில் இருந்தால் இது ஒரே வரி வேலை:

```
=IF(ISNUMBER(C2),ROUNDUP(4*RANK(C2,C$2:C$41)/COUNT(C$2:C$41),0),"")
```

ஒரே மதிப்பெண் எடுத்தவர்களுக்கு RANK ஒரே ரேங்க் தரும், அதுவும் மேல் ரேங்கைத் தரும். ஆகவே எல்லைக்கோட்டில் இருவர் ஒரே மதிப்பெண்ணோடு நின்றால் இருவரும் மேல் பகுதிக்கே போவார்கள். அதுதான் நியாயம். தேர்வுக்கு வராதவர்களுக்குக் கட்டத்தில் AB என்று போடுங்கள், தயவுசெய்து பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் போட்டால், காய்ச்சலில் ஒரு தேர்வைத் தவறவிட்ட நல்ல பிள்ளை 1, 4, 1, 1 என்று வந்து, ஏறி இறங்குகிறவளாகத் தெரிவாள். இந்தத் தவறை நானே ஒருமுறை செய்து, ஒரு பெற்றோரை வீணாக வரவழைத்திருக்கிறேன்.

இப்போது அந்த இருவரையும் பாருங்கள். மாணவன் 2, 2, 2, 2. மாணவி 1, 3, 1, 4. சராசரி மறைத்து வைத்திருந்தது இங்கே அப்படியே வெளியில் நிற்கிறது.

அப்புறம் வகை பிரிக்கும் விஷயம். இங்கேதான் அவசரப்படக் கூடாது. பத்தாவது ரேங்குக்கும் பதினொன்றாவது ரேங்குக்கும் ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம் இருக்கும். ஒருவர் 1, அடுத்தவர் 2. அடுத்த தேர்வில் இடம் மாறிக்கொள்வார்கள். அதில் செய்தி எதுவும் இல்லை. எனவே பக்கத்துப் பகுதிக்கு நகர்வதை நான் நகர்வாகவே எண்ணுவதில்லை. ஒரு தேர்விலிருந்து அடுத்த தேர்வுக்கு இரண்டு பகுதி அல்லது அதற்கு மேல் தாவினால் மட்டும் அதைத் தாவல் என்று குறிக்கிறேன். அந்த மாணவிக்கு 1லிருந்து 3, 3லிருந்து 1, 1லிருந்து 4 என்று மூன்று தாவல்கள். நான்கு தேர்வில் இரண்டு தாவலோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பிள்ளை ஏறி இறங்குகிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான்கிலும் 1 என்றால் நிலையாக மேலே. தாவலே இல்லாமல் ஒரே பகுதியிலோ பக்கத்துப் பகுதியிலோ நின்றால் சீரானவர்.

நான்கில் எது பெரியது, எது சிறியது என்று மட்டும் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். 1, 2, 3, 4 என்று வந்த பையனும் 1, 4, 1, 4 என்று வந்த பையனும் அப்படிப் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் முதலாவது பையன் தாவவே இல்லை; ஒவ்வொரு தேர்விலும் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறான். என் வகுப்பில் இப்படி இரண்டு பேர் இருந்தார்கள். மூன்று வகைக்குள் அவர்களைத் திணிக்கக் கூடாது. முதலில் கூப்பிட்டுப் பேச வேண்டியவர்களே அவர்கள்தான், ஏனென்றால் இறக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் வீட்டில் ஏதோ நடக்கிறது.

என் 40 பேரில் 6 பேர் நிலையாக மேலே, 24 பேர் சீரானவர்கள், 4 பேர் ஏறி இறங்குகிறவர்கள் என்று வந்தது. மீதி 6 பேரில் இருவர் தொடர்ந்து இறங்கியவர்கள், ஒருத்தி தொடர்ந்து ஏறியவள், மூன்று பேர் ஒரே ஒரு முறை தாவியவர்கள். ஒரு முறை தாவியவர்களுக்கு நான் எந்தப் பெயரும் வைக்கவில்லை. அதில் ஒரு பெண் அம்மை போட்டுத் தேறிய மூன்றாம் நாள் காலாண்டுத் தேர்வு எழுதியவள்.

எத்தனை தேர்வு இருந்தால் இதை நம்பலாம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ரேங்க் எல்லாம் குலுக்கல் சீட்டில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை இரண்டு தேர்விலும் முதல் பகுதியில் வர வாய்ப்பு 16இல் 1. அதாவது 40 பேரில் இரண்டு மூன்று பேர் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அப்படி வந்துவிடலாம். நான்கு தேர்விலும் என்றால் 256இல் 1 தான், 40 பேரில் ஒருவர்கூட எதிர்பார்க்க முடியாது. எனக்கு 6 பேர் வந்தார்கள், ஆகவே அது உண்மையான பிடிமானம். காலாண்டு முடிந்த கையோடு இரண்டே தேர்வை வைத்துப் பிள்ளைகளுக்கு வகை ஒட்டாதீர்கள் என்று கேட்பது இதனால்தான். ஏறி இறங்குவதற்கு இன்னும் கவனம் வேண்டும். அதே குலுக்கலில் இரண்டு தேர்வுகளுக்கு இடையே தாவல் வர வாய்ப்பு 16இல் 6. அவ்வளவு சுலபமாக வருகிற ஒன்றை ஒரே தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு இடத்திலும் இந்த முறை ஏமாற்றும். வகுப்பின் நடுவில் பிள்ளைகள் நெருக்கமாக நிற்பார்கள். அரையாண்டில் என் வகுப்பில் 11ஆம் ரேங்குக்கும் 30ஆம் ரேங்குக்கும் இடையில் 14 மதிப்பெண்தான். கணிதத் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் பத்து எழுத வேண்டும். அதில் மூன்று கேள்வி போனாலே ஒருவர் இரண்டாம் பகுதியின் தலையிலிருந்து நான்காம் பகுதிக்குப் போய்விடுவார். ஆகவே தாவல் என்று குறித்ததும் மதிப்பெண்ணையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, எல்லைக்கோட்டைத் தாண்டியது நாலைந்து மதிப்பெண்ணிலா, பெரிய இடைவெளியிலா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த மாணவிக்கு வருகிறேன். அவள் மேலே இருந்த இரண்டும் ஒன்றரை மணி நேரத் தேர்வு. விழுந்த இரண்டும் மூன்று மணி நேர, 100 மதிப்பெண் தாள். இது கால் பகுதி எண்களை வரிசையாக வைத்தபோதுதான் என் கண்ணில் பட்டது. காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களைத் தேடி எடுத்தேன். இரண்டிலும் கடைசிப் பக்கங்கள் ஒரே மாதிரி இருந்தன. செய்முறை வடிவியலில் அடிக்கோடு மட்டும் போட்டிருந்தாள். வரைபடத் தாளில் அச்சுகள் இருந்தன, புள்ளி ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் 8, 8 என்று 16 மதிப்பெண். அரையாண்டில் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியும் தொடப்படவில்லை. மொத்தம் 21. அவள் எடுத்த 54உடன் இதைச் சேர்த்தால் 75.

கேட்டேன். "படம் வரையறதை கடைசியில வச்சுக்கலாம்னு விட்டேன் சார், பெல் அடிச்சிடுச்சு" என்றாள். வடிவியல் அவளுக்கு நன்றாகவே தெரியும்; இடைப்பருவத்தில் முழு மதிப்பெண் எடுத்தவள். அவளை மெல்லக் கற்போர் வகுப்பில் உட்கார வைத்து, தெரிந்த கணக்கையே திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன பயன்? வடிவியலையும் வரைபடத்தையும் முதல் 40 நிமிடத்தில் முடித்துவிட்டு மற்றதற்குப் போகும்படி மூன்று வாரம் பழக்கினேன். முதல் திருப்புதல் தேர்வில் 73 எடுத்தாள், இரண்டாம் பகுதி. ஒரு தேர்வை வைத்துச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த திருப்புதலிலும் அவள் தாளின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.

மற்ற மூவருக்கும் காரணம் வேறு வேறாக இருந்தது. அதைக் கால் பகுதி எண் சொல்லாது, யாருடைய விடைத்தாளை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். 40 கட்டுகளையும் புரட்ட நமக்கு நேரமில்லை, நான்கு பேருடையதைப் புரட்ட முடியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இது ஒப்பீடு மட்டுமே. நன்றாகப் படிக்கும் பிரிவில் நான்காம் பகுதிப் பிள்ளை 70 எடுத்திருப்பான். தடுமாறும் பிரிவில் மூன்றாம் பகுதிப் பிள்ளையே 35ஐத் தொடாமல் இருப்பான். சீராக 4, 4, 4, 4 என்று நிற்பவனைச் சீரானவன் என்று எழுதி நிம்மதியாகிவிடக் கூடாது. தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் கீழே இருப்பவர்களின் பட்டியல் தனியாக இருக்கட்டும், அதை இது மாற்றாது. இரண்டு பிரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அரையாண்டு முடிந்து சிறப்பு வகுப்புப் பட்டியல் கேட்கும்போது, பாட ஆசிரியரிடம் நான்கு தேர்வின் கால் பகுதி எண்களையும் ஒரு தாளில் சேர்த்துக் கேளுங்கள். தாவுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் மாலை வகுப்பு ஒதுக்க வேண்டாம். அவர்களுடைய பழைய விடைத்தாளோடு ஆசிரியர் அரை மணி நேரம் உட்கார ஒரு பாடவேளை ஒதுக்கிக் கொடுங்கள். காலாண்டு விடைத்தாள்களை அரையாண்டு முடியும்வரை பிள்ளைகளிடம் கொடுத்துவிடாமல் பள்ளியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. இந்தத் தாள் ஆசிரியர் கையோடு இருக்கட்டும். அறிவிப்புப் பலகைக்கோ, பெற்றோர் கூட்டத்துக்கோ, வாட்ஸ்அப் குழுவுக்கோ போக வேண்டாம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர் ஒருவர்