மீனாவின் இன்டர்ன்ஷிப்: இன்சூரன்ஸ் பற்றி

அன்புள்ள செல்வம்,

மீனா மண்டபம் பக்கம் இன்டர்ன்ஷிப் வருகிறாள் என்று எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம். பாசி வளர்ப்புக் கரையிலும் ஐஸ் கம்பெனியிலும் வேலை என்றால் இன்சூரன்ஸ் விஷயத்தை இப்போதே பார்த்துவிடு. வீட்டுக்கு ஒரு மெடிக்ளெய்ம் இருக்கிறது, போதும் என்கிறாய். போதாது.

போன சீசனில் இங்கே வந்த ஒரு பையன் வல்லத்தில் இருந்து இறங்கும்போது பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் போல ஆனது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அட்மிட் ஆகவில்லை, அதனால் மெடிக்ளெய்ம் ஒரு பைசா தரவில்லை. பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்தான் பணம் தரும், இல்லையென்றால் அவர்கள் பட்டியலில் உள்ள டே கேர் சிகிச்சையாக இருக்க வேண்டும். அவன் பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடும் வைத்திருந்தான். அதுவும் வரவில்லை, ஏனென்றால் அது உயிர் போனாலோ கண், கை, கால் நிரந்தரமாகப் போனாலோதான் தரும் (அதிகபட்சம் 2 லட்சம்), ஆறிவிடுகிற எலும்புக்குத் தராது. கடைசியில் உதவியது அவன் கல்லூரியின் குரூப் விபத்து பாலிசி, அதில் மருத்துவச் செலவும் சேர்ந்திருந்தது. ஆனாலும் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! கல்லூரிக் கடிதத்தில் எங்கள் ஆபீஸ் முகவரி மட்டும்தான் இருந்தது, விழுந்ததோ கடற்கரையில். துறைத்தலைவர் மறுபடி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது.

அதனால் நீ கல்லூரியில் இரண்டு விஷயம் கேள். அவர்கள் பாலிசியில் மருத்துவச் செலவு உண்டா, அது வளாகத்துக்கு வெளியே இன்டர்ன்ஷிப் நாட்களிலும் செல்லுமா. அப்புறம் கடிதத்தில் தேதி, ஊர், படகில் போவது, ஐஸ் கம்பெனிக்குள் போவது எல்லாம் எழுதி வாங்கு. அங்கே அமோனியா பைப் இருக்கும், கசிந்தால் மூச்சு அடைக்கும், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கல்லூரி பாலிசி சரிவராவிட்டால் தனி விபத்து பாலிசி எடு, அதிலும் மருத்துவச் செலவைச் சேர்க்கச் சொல். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தருகிறோம் என்று ஏஜெண்ட் சொல்வார், அது பெரும்பாலும் வருமானத்தைக் கணக்குப் பார்த்துத் தருவது, சம்பளமில்லாத மாணவிக்கு அதற்காகக் கூடுதலாகக் கட்டாதே.

மெடிக்ளெய்ம் புதிதாக எடுப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே எடுத்துவிடு. விபத்துக்கு முதல் நாளிலிருந்தே செல்லும், ஆனால் காய்ச்சல் மாதிரி நோய்க்கு முதல் 30 நாள் தர மாட்டார்கள். இருக்கிற பாலிசியில் அவள் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பார், பிள்ளைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், பல பாலிசிகளில் 25. ராமநாதபுரத்தில் கேஷ்லெஸ் தரும் ஆஸ்பத்திரி எது என்பதையும் கேட்டு எழுதி அவள் கையில் கொடு, இல்லாவிட்டால் மதுரை வரை ஓட வேண்டும், அல்லது கைக்காசு கட்டிவிட்டுப் பிறகு பில் அனுப்ப வேண்டும்.

எங்கே அடிபட்டாலும் டாக்டர் சீட்டில் எப்படி அடிபட்டது என்று எழுதச் சொல்ல வேண்டும், வெறும் ‘கை வலி’ என்று எழுதிவிட்டால் விபத்து என்று நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும். இதை மீனாவிடம் நீயே சொல்லிவிடு. கல்லூரிக் கடிதம் வந்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்பு, படகு என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
சலீம்