உடைய வேண்டிய சிலம்பு எது?

மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்றறிந்து சந்தோசம். இங்கே கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்கப் போகிறார்கள். கண்ணகி வழக்குரை பாடும் இந்தக் காலத்தில் தரம் 9 பிள்ளைகளைக் கொண்டு, கண்ணகி அரசனிடம் நீதி கேட்கும் அதே காட்சியை நீ வகுப்பறையில் நாடகமாகப் போடுவது நல்ல பொருத்தம்.

முதலில் பிரதியைப் பார். கண்ணகி தன் கையில் கொண்டுவந்த சிலம்பையே உடைப்பதாக எழுதியிருந்தால் மாற்று. சிலப்பதிகாரத்தில், கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை அரசன் வருவித்து வைக்கிறான். அவள் உடைப்பது அதைத்தான். வழக்கின் சான்று அதுவல்லவா? ஆகவே இரண்டு சிலம்பு வேண்டும், காவலன் ஏந்திவர ஒரு பித்தளைத் தட்டமும் வேண்டும்.

அரசனை நடுவில் பின்சுவரோடு இருத்திவிடாதே. அவனோடு பேசத் திரும்பும் கண்ணகியின் முதுகுதான் சபைக்குத் தெரியும். கூத்தில் வட்டக்களரியைச் சுற்றி வந்து ஆடுவதால் எல்லாப் பக்கத்தாருக்கும் முகம் கிடைக்கும். வகுப்பறையில் சனம் ஒரே பக்கம். கதிரையைப் பார்ப்போரின் இடப்பக்கம், முன்விளிம்பை ஒட்டிச் சரிவாகப் போடு. கண்ணகி வலப்பக்கத்தால் வந்து அவனைவிட இரண்டு எட்டுப் பின்னால் நிற்கட்டும். அவனைப் பார்த்தாலே அவள் முகம் சபைக்கு நேராகும். அரசனின் முகம் பாதி மறையும், அது பரவாயில்லை. பிழையை உணரும் இடத்தில் எழுந்து முன்பக்கம் திரும்பினால் அந்தத் திருப்பமே பேசும். நிற்கும் இடங்களை வெண்கட்டியால் குறித்துவிடு.

குரலுக்குக் கத்தச் சொல்லாதே, தொண்டை இறுகிச் சொல் கலங்கும். 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்பதில் பிள்ளைகள் 'மன்னா'வில் மூச்சைக் கொட்டிவிட்டு 'உடையேன்' என்பதை விழுங்குவார்கள். தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது, அது போனால் வசனமே போச்சு. 'மன்னா'வுக்குப் பின் மூச்செடுத்து, கடைசிச் சொல்லை முதற்சொல்லின் அளவிலேயே முடிக்கப் பழக்கு. நீ கடைசி வாங்கில் இருந்து கேள். மின்விசிறியை ஓடவிட்டும் ஒருதரம் கேட்டுப் பார்.

சிலம்புக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒன்றரை அடி வெட்டி வளையமாக்கு. உடைய வேண்டியதை இரண்டு பாதியாக வெட்டி, உள்ளே ஒரு பிடி சிவப்புக் கண்ணாடி மணி போட்டு, பொருத்துகளில் ஒரே சுற்றுப் பத்திரிகைத்தாள் ஒட்டிப் பொன்நிறம் பூசு. இரண்டு சுற்று ஒட்டினால் பிள்ளை இழுத்தும் பிரியாமல் காட்சி நின்றுவிடும். குன்றிமணி வேண்டாம், அது நஞ்சு. உடைப்பது தட்டத்துக்கு நேர் மேலே நடக்கட்டும். பின்வரிசைக்கு மணி தெரியாது, ஆனால் பித்தளையில் விழும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது.

சிதறும் மணியில் வெறுங்கால் சறுக்கும். அரசன் கீழே விழாமல் கதிரையிலேயே சாயட்டும்.

ஒத்திகை எப்படிப் போகிறதென்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்