நம்ம கோயில் அண்ணனுக்கு வழியனுப்பு

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் அண்ணனுக்கு மாலை மரியாதை, பிறகு வாழை இலைச் சாப்பாடு. சாப்பிட வருகிறவர்கள் வெள்ளிக்குள் தலைக்கணக்கு சொல்லிவிடுங்கள்.

அன்று பேசும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

அண்ணே, பினாங்குக் கடல் காற்றில் பித்தளை எவ்வளவு சீக்கிரம் கறுக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை மாலை விளக்குகளை இறக்கி, வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, புளி தேய்ப்பீர்கள். ஒருமுறை நான் உதவ வந்து, புளியைத் தடவியபடியே விட்டுவிட்டு போன் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தால் குத்துவிளக்கில் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. நீங்கள் திட்டவில்லை. சாம்பலை எடுத்து அரை மணி நேரம் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, "புளி வேலையை முடிச்சதும் கழுவிடணும் தம்பி, ஈரத்தையும் உடனே துடைச்சிடணும்" என்று மட்டும் சொன்னீர்கள். துடைக்காமல் வைத்த விளக்கில் மறுநாளே புள்ளி விழுவதை அப்புறம் நானே பார்த்தேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும்போது நாங்கள் தேங்காய் உடைத்துவிட்டுப் படம் எடுப்போம். நீங்கள் காவடிக்காரர்களின் காலில் குத்தாமல் இருக்க ஓடு வாரிக்கொண்டிருப்பீர்கள். எந்தப் படத்திலும் நீங்கள் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

அண்ணன் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை விளக்குத் தேய்க்க இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுங்கள்.