பூப்பறிக்கும் பாட்டு அல்ல, செண்பகம்

தென்காசி

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு முட்டுவலி குறைந்து வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் மனம் நிம்மதியானது. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் போகிற பஸ்களில் நிற்க இடமில்லை. எங்கள் வீட்டுத் துணிகள் கொடியில் கிடந்தபடியே மறுபடி நனைகின்றன.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவுக்கு, நாம் ஆறாம் வகுப்பில் ஆடிய நடனத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறாய். அடவு நினைவிருக்கிறது, உடை நினைவிருக்கிறது, பாட்டு மட்டும் போய்விட்டது, ஏதோ பூப்பறிக்கும் பாட்டு என்று எழுதியிருக்கிறாய். முணுமுணுத்துப் பார்த்தும் ராகம் பிடிபடவில்லை என்கிறாய். ராகத்தை விட்டுவிடு. பழைய பாட்டுகளுக்குப் பாட்டு டீச்சர் தமக்குத் தோன்றிய மெட்டைப் போட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் வழக்கம்தான். மெட்டை வைத்துத் தேடினால் கிடைக்காது. காலையும் கையையும் வைத்துத் தேடினால் கிடைக்கும். எனக்குக் கிடைத்துவிட்டது.

முதலில் காலைப் பார். ஒரு கனத்த மிதி, பிறகு இரண்டு லேசான தட்டு. மறுபடி ஒரு கனத்த மிதி, இரண்டு தட்டு. பாட்டு முழுக்க இதுதான் ஓடியது. "தந்தன தந்தன" என்று சொல்லிக்கொண்டே ஆடிப் பார், முட்டாமல் போகும். ஆகவே, அடிக்கு அடி தந்தன என்று நடக்கிற பாட்டாக அது இருக்க வேண்டும்.

இனி கை. தொடக்கத்தில் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி மணிக்கட்டைக் குலுக்கினோம். அதற்காகத்தானே டீச்சர் உலோக வளையல்களைக் கை நிறையப் போட்டு வரச் சொன்னார்கள்! சத்தம் வராது என்று பிளாஸ்டிக் வளையலைக் கழற்ற வைத்தார்கள். உடைந்தால் காலில் குத்தும் என்று கண்ணாடி வளையலும் கூடாது என்றார்கள். அடுத்து, இடுப்பில் கைவைத்துக் கால்களை மாறி மாறித் தட்டிச் சலங்கையைப் பேச வைத்தோம். அதற்குப் பிறகு ஓர் அடிக்குப் பாட்டே கிடையாது. மிருதங்கம் மட்டும் ஒலிக்க, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினோம். கடைசியில் வலது உள்ளங்கையைத் தரைப் பக்கம் இரண்டு முறை அடித்து, கண்ணை மேலே ஓட்டினோம். நீ இதைத்தான் பூவைக் கூடையில் போடுவது என்று நினைத்திருக்கிறாய். பூப்போடுகிறவள் எதற்காக மேலே பார்க்கிறாள்? தரையில் அடித்த பந்து எழும்புகிறது, அதைத்தான் பார்க்கிறாள்.

அது திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் பாட்டு, செண்பகம்.

"செங்கையில் வண்டு கலின்கலின் என்று செயஞ்செயம் என்றாட" என்று முதல் அடி. தந்தன தந்தன என்று காலைப் போட்டுக்கொண்டு இதைச் சொல்லிப் பார். வண்டு என்றால் இங்கே வளையல். அது கலின்கலின் என்கிறது, கையைக் குலுக்கினோம். இரண்டாம் அடியில் சிலம்பும் தண்டையும் கலந்து ஆடுகின்றன, காலைத் தட்டினோம். மூன்றாம் அடி பெண்ணின் மார்பழகைப் பாடுகிறது. சிறுமிகள் ஆடும் மேடையில் அதை வைக்க எந்த டீச்சருக்கும் மனம் வராது. அதனால்தான் அந்த இடத்தில் வெறும் மிருதங்கம். நான்காம் அடி "வசந்த சவுந்தரி பந்து பயின்றாளே" என்று முடிகிறது. அங்கே பந்தை அடித்தோம். நான்கு அடியும் வரிசை பிசகாமல் பொருந்துகிறது. பாடாமல் விட்ட அடிகூடத் தன் இடத்தில் வெற்றிடமாக நிற்கிறதே, இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

இரண்டாம் கண்ணியையும் பார்த்துவிடலாம். கண்ணை இப்படியும் அப்படியும் உருட்டச் சொல்லி, சரியாக வராத பிள்ளைகளைத் தனியே நிறுத்திப் பழக்கினார்கள் என்று எழுதியிருக்கிறாய். "கெண்டை புரண்டு புரண்டாட" என்று வருகிறது அல்லவா, அந்தக் கெண்டை மீன் அவள் கண்தான். காது வலிக்கிற அளவுக்குப் பெரிய ஜிமிக்கி எதற்கு என்றால், அந்தக் கண் போய் நெருங்குவது கனத்த காதணியை. அதற்குப் பிறகு விரல்களைப் படபடவென்று அடித்தபடி தலையைச் சுற்றிக் கொண்டுபோய், ஓடி மறுபக்கம் நிற்போமே, அது கூந்தலில் மொய்த்த வண்டுகள் கலைந்து பறப்பது. வண்டைத்தான் நீ பூ என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். வண்டு இருந்த இடத்தில் பூவும் இருந்திருக்கும் என்பதால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

மஞ்சள் பாவாடையும் பச்சைத் தாவணியும் உனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் நிறத்தை நம்பி ஒரு பாட்டையும் அடையாளம் காண முடியாது. திருநெல்வேலியில் வாடகைக்கு எடுத்துவந்த உடை அது. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் எது கிடைத்ததோ அதை எடுத்திருப்பார்கள். டீச்சர் பிடிவாதம் பிடித்துக் கேட்ட பொருள்கள்தான் சாட்சி சொல்லும்: வளையல், சலங்கை, ஜிமிக்கி. மூன்றுமே பாட்டுக்குள் இருக்கின்றன. பந்து மட்டும் இல்லை. மேடையில் நழுவி உருண்டு கீழே போய்விடும் என்று வெறுங்கையால் ஆட வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவுபடுத்துகிறேன். அதே இரவில் எட்டாம் வகுப்பு அக்காமார் குறத்தி வேடம் போட்டு, இடுப்பில் கூடையும் கையில் கோலுமாக வந்து, குரங்கு பழம் கொடுப்பதுபோல் ஆடினார்கள். அது "வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்" என்று குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பாட்டு. அதுவும் இதே குறவஞ்சிதான். கதைப்படி வசந்தவல்லி பந்தடிக்கும்போது குற்றாலநாதர் உலா வருகிறார். அவரைக் கண்டு மயங்குகிறாள். பிறகு குறத்தி வந்து குறி சொல்கிறாள். நாம் முன்னால் ஆடினோம், அக்காமார் பின்னால் ஆடினார்கள். ஒரே நாடகத்தை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கவிராயரின் ஊர் மேலகரம். இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்த நூலுக்காக மதுரையை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் கொடுத்தார் என்றும், அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் என்றும் படித்திருக்கிறோம். அந்த நாயக்கர் 1706 முதல் 1732 வரை ஆண்டவர். அவ்வளவு பழைய பாட்டை, பக்கத்து ஊர்க்காரர் பாட்டை, நம் கால்கள் இன்னும் வைத்திருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் பாட்டைப் பாடாதே. தந்தன தந்தன என்று காலை மட்டும் பழக்கு. முதல் மிதி குதிகாலோடு முழுப் பாதமும் படிய வேண்டும். அடுத்த இரண்டும் முன்பாதத்தால் தொட்டால் போதும். மூன்றையும் ஒரே கனத்தில் மிதித்தால் நடை செத்துப்போகும். வளையல் ஒலியும் சலங்கை ஒலியும் ஒன்றையொன்று அமுக்குகின்றனவா என்று கேள். கை குலுங்கும்போது கால் அடங்கியிருக்க வேண்டும். மூன்றாம் அடிக்கு நம் டீச்சர் செய்த ஏற்பாட்டையே வைத்துக்கொள். சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்க அது நல்ல இடம்.

ஒரே ஓர் அடவுதான் எந்த அடிக்கும் பொருந்தாமல் நிற்கிறது. முடிவில் எல்லாரும் கைகோத்து வட்டமாக நின்று, ஒருத்தி மட்டும் நடுவில் போய்த் திரும்பினாளே, அவள் யார்? நடுவில் போனவள் இசக்கியம்மாளாக இருந்தால், அவள்தான் வசந்தவல்லி, நாம் சுற்றி நிற்கும் தோழிகள் என்று கணக்கு முடிந்துவிடும். அவள் இப்போது அம்பாசமுத்திரத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் வருகிற வாரம் போய்க் கேட்கிறேன். உனக்கு நினைவு வந்தால் அதற்குள் எழுது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோமதி